ஆடுகளுக்கு மணி சொல்வது யார்? மாமாவின் கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். "யாரும் ஓட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை, எப்படி மாமா ஆடுகள் தினமும் ஒரே நேரத்துக்கு வீட்டுக்கு வருகின்றன?" என்று கேட்டாய். உன் பாட்டியைக் கேட்டால் "வீட்டு மேல பாசம்" என்பார். உன் அத்தையைக் கேட்டால் "தவிட்டு மேல பாசம்" என்பாள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தக் காரணம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நான் ஒரு காலத்தில் நோட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டை நேற்றுதான் பரணிலிருந்து எடுத்தேன். அதை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் உன் கேள்வியிலேயே ஒரு திருத்தம். அவை ஒரே நேரத்துக்கு வருவதில்லை. நீ இருந்த பத்து நாளும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்தன, அதனால் உனக்கு அப்படித் தோன்றியது. என் நோட்டில் பகல் குறைந்த மாதத்தில் 5:10க்கு வந்திருக்கின்றன, பகல் நீண்ட மாதத்தில் 6:05க்கு. கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். நானும் முதலில் ஆடுகளுக்கு ஒழுங்கில்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதே நாள்களில் சூரியன் மறைந்த நேரத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வித்தியாசம் காணாமல் போய்விட்டது. எந்த மாதமானாலும் சூரியன் மறைய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இருக்கும்போது பட்டிக்குள் நின்றன. ஒழுங்கு இருக்கிறது, ஆனால் அது நம் சுவர்க் கடிகாரத்தின் ஒழுங்கு இல்லை. புவிமத்தியக் கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நீளம் மிகவும் மாறும். அங்கே ஆடு வளர்ப்பவர் யாரும் ஆடு ஒரே மணிக்கு வருகிறது என்று சொல்லவே மாட்டார்.

வெளிச்சம் எப்படி மணி சொல்கிறது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கும் நமக்கும் மூளையின் அடிப்பகுதியில் சின்னஞ்சிறு நரம்புக் கொத்து ஒன்று இருக்கிறது. அது ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று தானாகவே ஓடும். சரியாக 24 இல்லை, ஏறக்குறையத்தான். அதனால் தினமும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். அந்தத் திருத்தத்தைச் செய்வது கண்ணுக்குள் விழும் வெளிச்சம். இதற்கென்றே விழித்திரையில் தனி வகை உயிரணுக்கள் இருக்கின்றன. உருவத்தைக் காட்டுவது அவற்றின் முக்கிய வேலை இல்லை, எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குச் சொல்வதுதான். ஆடு சூரியனை அண்ணாந்து பார்த்து முடிவெடுப்பதில்லை. மேகம் மூடிய நாளிலும் வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். நேற்று வரை திருத்தி வைத்த கடிகாரம் இன்று ஒரு நாள் சூரியன் தெரியாவிட்டாலும் ஓடும். ஆனால் மழைக்கறுப்பு சட்டென்று கட்டினால் எந்த நேரமானாலும் கிளம்பி வந்துவிடும். அது வேறு கணக்கு. வெள்ளாட்டுக்கு நனைவது பிடிக்காது.

சரி, பொழுது சாய்வது தெரிகிறது. ஆனால் தெரிந்தவுடன் ஏன் வீட்டுக்கு வர வேண்டும்? அங்கேயே படுத்துக்கொள்ளலாமே? இதற்குப் பதில் வயிற்றில் இருக்கிறது.

நீ பட்டியில் நின்று பார்த்தாய், வந்தவுடன் படுத்து வாயை அசைக்க ஆரம்பித்துவிடும். ஆடு மேயும்போது மெல்லுவது அரைகுறை. தழையைக் கடித்து, இரண்டு அரை அரைத்து, உள்ளே தள்ளிவிடும். முதல் வயிறு ஒரு பெரிய பை. அதற்குள் நுண்ணுயிர்கள் இருந்து ஊறவைத்துப் புளிக்கவைக்கும். அப்புறம் உருண்டை உருண்டையாக மேலே வரவழைத்து நிதானமாக அரைக்க வேண்டும். இந்த அசைபோடுகிற வேலைக்கு ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை போகும், அதில் பெரும்பங்கு இரவில்தான். அசைபோட நிம்மதி வேண்டும். பயந்த ஆடு அசைபோடாது. ஒரு நாய் உள்ளே வந்தால் பார், எல்லா வாயும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். ஆக, பகலில் பையை நிரப்புவது, இரவில் பயமில்லாத இடத்தில் படுத்து அதை அரைப்பது. இப்படித்தான் அதன் நாள் பிரிந்திருக்கிறது. பயமில்லாத இடம் எது என்பதை அது குட்டியாக இருக்கும்போதே கற்றுக்கொண்டுவிட்டது.

பை நிரம்பிவிட்டதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆட்டின் பின்னால் நின்று இடது பக்கம் பார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். காலையில் திறந்துவிடும்போது அதில் உன் உள்ளங்கையைக் குழித்து வைக்கலாம். நன்றாக மேய்ந்து வந்த மாலையில் பள்ளம் மறைந்து தட்டையாகவோ லேசாக மேடாகவோ இருக்கும். நான் வாசலில் நின்று எண்ணிக்கை பார்ப்பதாக நீ நினைத்தாய். எண்ணுவேன்தான், ஆனால் அதிகம் பார்ப்பது இடது பக்கத்தைத்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததுக்கு வருகிறேன். ஆடுகள் ஆறு மணிக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்று கிளம்புவதாக நாம் நினைக்கிறோம். ஒரு நாள் முழுக்கப் பின்னாலேயே நடந்து பார்த்தபோதுதான் அப்படி ஒரு கிளம்பல் நடப்பதே இல்லை என்று தெரிந்தது.

அன்று எட்டு மணிக்குத் திறந்துவிட்டேன். முதல் அரை மணி நேரம் கிட்டே இருந்த எதையும் தொடாமல் வேகமாக நடந்தன. வீட்டுப் பக்கம் உள்ள செடியெல்லாம் தினமும் கடிபட்டு மொட்டையாக இருப்பதால் அங்கே நிற்பதில் லாபமில்லை. பதினொரு மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். அதுதான் அன்றைக்குப் போன அதிகபட்சத் தூரம். உச்சி வெயிலில் மூன்று பெரிய மரங்களின் நிழலில் படுத்து அசைபோட்டன. மூன்று மணிக்கு எழுந்தன. நான் அசந்துபோனது இங்கேதான். எழுந்து மேய ஆரம்பித்தபோதே தலைகள் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவசரமே இல்லை. ஒரு செடி, நாலு அடி, இன்னொரு செடி. நாலரை மணிக்கு நாங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டரில் இருந்தோம். ஒரு ஆடுகூட வீட்டுக்கு நடப்பது மாதிரித் தெரியவில்லை, எல்லாம் மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தன. மாலைப் பொழுதுதான் ஆட்டின் பெரிய மேய்ச்சல் நேரம், காலைக்கும் இதற்கும் போட்டி. ஐந்தே காலுக்குச் செவலை ஆடு தலையைத் தூக்கியது. பத்தடி நடந்தது, கடித்தது, மறுபடி பத்தடி. கடைசி இருநூறு மீட்டர் மட்டும்தான் நீ பார்த்த அந்த ஊர்வலம். ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் கடிக்காமல், மணி 5:43.

ஆகவே வீட்டுக்கு வருவது என்பது மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. நாள் முழுவதும் நடப்பது ஒரு வட்டம். வட்டத்தின் இரண்டாம் பாதி மேய்ச்சலாகவும் இருக்கிறது, திரும்புதலாகவும் இருக்கிறது. நாம் வாசலில் நின்று கடைசி இருநூறு மீட்டரை மட்டும் பார்ப்பதால்தான் அது அதிசயமாகத் தெரிகிறது. வட்டத்தின் முடிவு வீட்டில் வந்து விழுவதற்குத் தண்ணீர் ஒரு காரணம். எங்கள் மேய்ச்சல் பக்கம் குடிக்கத் தண்ணீர் கிடையாது, தொட்டி பட்டியில்தான். காய்ந்த தீவனம் தின்ற நாளில் தாகம் அதிகம், அன்று பத்து நிமிடம் முன்னால் வரும். பச்சைத் தழை தின்றால் அதிலேயே நீர் இருக்கிறது, அன்று தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காது.

அடுத்தது உன் அத்தையின் தவிடு. மாலையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி போடுவோம். அதுதான் காரணம் என்றால், நிறுத்தினால் வரக்கூடாது. பகல் நீளம் அதிகம் மாறாத இரண்டு வாரமாகப் பார்த்து நிறுத்தினேன், இல்லையென்றால் தவிட்டால் வந்த வித்தியாசமா வெளிச்சத்தால் வந்ததா என்று குழம்பிவிடும். முதல் மூன்று நாள் எப்போதும் போலவே வந்து காலித் தொட்டி முன்னால் நின்று கத்தின. உன் அத்தை என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பத்து நிமிடம் தாமதம். இரண்டாம் வாரம் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆனால் ஒரு நாள்கூட இருட்டும் வரை வெளியே நிற்கவில்லை. மறுபடி தவிடு போட்டதும் நான்கே நாளில் பழைய நேரத்துக்கு வந்துவிட்டன.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: வெளிச்சமும் வயிறும் ஆட்டை வீட்டுப் பக்கம் கொண்டு வருகின்றன, "மாலைக்குள்" என்கிற அளவுக்கு. அந்த மாலையை இத்தனை மணி என்று கூராக்குவது தவிடு. தினமும் ஒரே பொழுதில் தீனி கிடைத்தால் உடம்பு அந்தப் பொழுதுக்கு முன்பே தயாராகிவிடும். ஆய்வகங்களில் எலிகளிடம் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். தினமும் குறித்த நேரத்தில் தீனி வைத்தால், அதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே அவை பரபரப்பாக ஓட ஆரம்பிக்கும். நான் முன்னே சொன்ன அந்த வெளிச்சக் கடிகாரத்தை மூளையில் சிதைத்துவிட்டாலும் இந்தப் பரபரப்பு போவதில்லை. தீனிக்கென்று உடம்பு தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. என் காலித் தொட்டி முன் மூன்று நாள் நின்ற ஆடுகளிடம் நான் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

குட்டி விஷயம் இன்னும் சுவாரசியம். சின்னக் குட்டிகளைப் பட்டியிலேயே விட்டுவிட்டுத் தாய்களை மட்டும் மேய்ச்சலுக்கு விடும் நாள்களில், அந்தத் தாய்கள் மற்றவற்றுக்கு இருபது நிமிடம் முன்னால் வந்துவிடும். கடைசித் தூரத்தை ஓடியே வரும். மடி கனத்து வலிப்பதால் ஓடி வருகிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பசுவைப் பார்த்து நான் போட்ட கணக்கு, ஆட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பசுவின் மடியில் காம்புக்கு மேலே இருக்கும் சேமிப்பு அறை சின்னது, கறக்காத பாலில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே தங்கும், மீதி மேலே சுரக்கும் திசுவிலேயே நிற்கும். வெள்ளாட்டுக்கு அந்த அறை பெரியது, பாலில் முக்கால் பங்கு அளவுக்கு அதில் தங்கிக்கொள்ளும். அதனால் ஒரு பகல் முழுக்கப் பால் தேங்கினாலும் அது பெரிதாகத் திண்டாடாது. அப்படியானால் ஓடி வருவது குட்டிக்காகத்தான். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் தன் குட்டியின் வாசனையைப் பிடித்துக்கொள்ளும், வேற்றுக் குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். சில நாளில் குரலும் பழகிவிடும். உன் பாட்டி சொன்ன பாசம் இதுதான் என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வீட்டின் மேல் இல்லை. குட்டி வளர்ந்து தாயோடு மேய்ச்சலுக்குப் போக ஆரம்பித்ததும் அந்த இருபது நிமிடம் காணாமல் போய்விடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொரு ஆட்டுக்கும் உள்ளே இருப்பது. பன்னிரண்டு ஆட்டுக்குப் பன்னிரண்டு கணக்கு. ஒரே கூட்டமாக வருவது வேறு காரணத்தால். ஆட்டுக்குத் தனியாக நிற்பது பெரிய பயம், பக்கத்து ஆடு நகர்ந்தால் தானும் நகரும். எனவே ஒரே ஒரு ஆடு சரியாக வழி போனால் போதும். எங்களிடம் அது செவலை. இங்கே பலரும் ஏமாறுவார்கள். முன்னால் போகிற ஆடு கூட்டத்தில் பலசாலி என்று நினைப்பார்கள். எங்கள் பட்டியில் எல்லாரையும் முட்டித் தொட்டியை முதலில் பிடிப்பது கொம்பு வளைந்த கறுப்பு. ஆனால் மேய்ச்சலில் கறுப்பு கிளம்பினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வயதான, நிதானமான, வழி தெரிந்த பெட்டை ஆட்டின் பின்னால்தான் மற்றவை போகின்றன.

செவலைக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த கிழட்டு ஆட்டை ஒரு முறை பணமுடையில் விற்றுவிட்டேன். அதன் அருமை அடுத்த வாரம்தான் தெரிந்தது. கூட்டம் இரண்டாக உடைந்தது. பாதி நேரத்துக்கு வந்தது. மீதி, பொழுது சாய்ந்தபின் பாதையின் பிரிவில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்தது தெரிகிறது, வயிறு நிறைந்திருக்கிறது, தாகமும் இருக்கிறது, வழியும் எல்லாவற்றுக்கும் தெரிந்த வழிதான். முதல் அடி வைக்கத்தான் ஆளில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் நான் போய் நிற்க வேண்டியிருந்தது, அப்புறம் செவலை மெல்ல அந்த இடத்துக்கு வந்தது. வயதான பெட்டை பால் தராது, குட்டி போடாது என்று நீக்குபவர்கள் இந்த ஒரு மாதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதிதாக வாங்கிய ஆட்டையும் உடனே கூட்டத்தோடு விட்டுவிடக் கூடாது. அதன் உடம்பிலும் ஒரு "வீடு" இருக்கிறது, ஆனால் அது பழைய வீடு. பக்கத்தில் என்றால் நேராக அங்கேயே போய் நிற்கும். நான் இரண்டு வாரம் பட்டியிலேயே கட்டி, மாலைத் தீனியை மற்றவற்றோடு சேர்த்துப் போட்டு, அப்புறம்தான் விடுவேன். அப்போதும் முதல் சில நாள் செவலையோடு சேர்ந்து போகிறதா என்று பார்ப்பேன்.

நேரம் தவறும் நாள்தான் நமக்கு விஷயம் சொல்லும். எல்லாமே தாமதம் என்றால், பெரும்பாலும் எங்கோ மரத்தடியில் காய் உதிர்ந்து கிடக்கிறது. இடது பக்கம் மேடாக இருப்பதைப் பார்த்தாலே தெரியும். எல்லாமே ரொம்ப முன்னதாக, கூட்டமாக, மூச்சு வாங்க வந்தால் எதுவோ துரத்தியிருக்கிறது. அப்போது பள்ளம் நிரம்பியிருக்காது, படுத்தாலும் வெகு நேரம் அசைபோடாது. ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை என்றால் முதலில் அது சினையா என்று யோசி. ஈனப்போகும் ஆடு கூட்டத்தை விட்டு ஒதுங்கி மறைவிடம் தேடும், அதைத் தேடிப் போக வேண்டும், தானாக வராது. சினை இல்லை என்றால் குளம்பில் முள்ளா, காய்ச்சலா, கம்பியில் கொம்பு மாட்டியதா என்று பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஆடு கூட்டத்தை விட்டு இரவில் தனியே நிற்க விரும்பாது. ஒரு முறை ஒன்று குறைந்தபோது "காலையில் வந்துவிடும்" என்று படுத்துவிட்டேன். காலையில் பள்ளத்தில் கால் மாட்டிக் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். பிழைத்தது, ஆனால் அந்தக் கால் கடைசி வரை சரியாகவில்லை.

இன்னொன்று. தவிடு நேரத்தைக் கூராக்குகிறது என்று சொன்னேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு அடுத்த முறை வரும்போது நீ தாராளமாக அள்ளிப் போட்டுவிடாதே. தானியமோ மாவோ பழக்கமில்லாத ஆட்டுக்குத் திடீரென்று நிறையப் போட்டால் முதல் வயிற்றில் புளிப்பு ஏறிவிடும். அசைபோடுவது நிற்கும், வயிறு உப்பும், கழியும், படுத்த ஆடு எழாமலும் போகலாம். கூப்பிடுகிற தீனி கைப்பிடி அளவுதான், வயிறு நிரப்புவது வெளியே இருக்கும் தழை. கைப்பிடிக்கும் முழுப் படிக்கும் ஆடு வரும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை, அதையும் பார்த்துவிட்டேன்.

இன்று 5:51க்கு வந்தன, பன்னிரண்டும். செவலை மட்டும் இரண்டு ஆட்டுக்குப் பின்னால் வந்தது, முன்வலது காலை லேசாகத் தூக்கி வைத்தது போலிருந்தது. வெளிச்சம் போவதற்குள் குளம்பைப் பார்க்க வேண்டும், கடிதத்தை இதோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
மாமா